காதில் சென்பாய், கண்ணில் பெயர்: அனிமே சப்டைட்டில்கள் மரியாதைச் சொற்களை என்ன செய்கின்றன?

கேள்வி: அனிமே பார்க்கும்போது "சென்பாய்"னு காதுல தெளிவா விழுது, ஆனா கீழே இங்கிலீஷ் சப்டைட்டில்ல அந்தப் பையனோட பேர்தான் இருக்கு. இன்னொரு தொடர்ல சென்பாய்னே விட்டிருக்காங்க. எது சரி? டாக்டரைக்கூட ஏன் சென்செய்ங்கிறாங்க? ட்சுன்டெரேன்னா கோபக்காரப் பொண்ணா? தமிழ்ல சப்டைட்டில் எழுதினா இதையெல்லாம் என்ன பண்றது?

பதில்:

இரண்டும் சரியாக இருக்கலாம். பெயருக்குப் பின்னால் வரும் அந்த ஒட்டு அந்தத் தொடரில் என்ன வேலை செய்கிறது, பிறகு எங்காவது மாறப்போகிறதா என்பதைப் பொறுத்தது அது. கடைசி வரை மாறாத, கதையில் எதையும் தாங்காத "ஸான்" போனால் நஷ்டமில்லை. நான்காவது எபிசோடில் ஒரு மாதிரியும் பன்னிரண்டாவதில் வேறு மாதிரியும் கூப்பிடுகிறார்கள் என்றால், அந்த மாற்றம்தான் காட்சி. அதை விழுங்கிய சப்டைட்டில் காட்சியையே விழுங்கிவிட்டது.

முதலில் ஓர் எழுத்துச் சிக்கல். பொதுவான மரியாதைக்கு வரும் ஒட்டையும் செல்லமாகக் கூப்பிடும் ஒட்டையும் தமிழில் பலர் "சான்" என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. முதலாவதை "ஸான்" என்றும் இரண்டாவதை "ச்சான்" என்றும் எழுதினால் குழப்பம் தீரும். கீழே அப்படியே எழுதுகிறேன்.

'நருட்டோ' தொடரின் ஏழாம் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். சகுரா ஒருவனை "சாஸ்கே-குன்" என்கிறாள், இன்னொருவனை வெறும் "நருட்டோ" என்கிறாள். இருவரும் அவள் வயதுதான், ஒரே அணிதான். "குன்" என்பது பெரும்பாலும் பையன்களுக்கு, சம வயதினரோ பெரியவர்களோ போடுவது. அவள் ஒருவனுக்கு அதைப் போட்டு மற்றவனுக்குப் போடாமல் விடுவதிலேயே யார் மேல் மனசு, யார் மேல் எரிச்சல் என்பது தெரிந்துவிடும். நருட்டோவோ அவளை "சகுரா-ச்சான்" என்கிறான். ஹினாதா அவனை "நருட்டோ-குன்" என்கிறாள். நான்கு பேர் உறவும் நாலு ஒட்டுகளில் இருக்கிறது. ஒட்டுகளை எடுத்துவிட்டால் எல்லாரும் எல்லாரையும் ஒரே மாதிரிக் கூப்பிடுவதாக ஆகிவிடும். அந்தத் தொடரில் குரலும் முகமும் ஈடுகட்டிவிடுவதால் பெரிய சேதமில்லை. ஆனால் எல்லாத் தொடரிலும் அப்படி ஈடுகட்டாது.

ஒட்டே இல்லாமல் கூப்பிடுவதற்கு ஜப்பானியத்தில் யொபிசுதே என்று பெயர். நெருக்கமானவர்களுக்குள் அது உரிமை. நெருக்கமில்லாதவரிடம் அதுவே அவமரியாதை. சகுரா "நருட்டோ" என்பது உரிமையா அலட்சியமா என்பதைச் சொல் சொல்லாது, ஆரம்ப எபிசோடுகளின் எரிச்சல்தான் சொல்லும். அதனால் ஒட்டு இல்லாத இடத்தையும் ஒரு ஒட்டாகவே எண்ணிக் கேட்க வேண்டும்.

சென்பாய்க்கு வருகிறேன். ஒரே பள்ளியில், ஒரே கிளப்பில், ஒரே அலுவலகத்தில் நமக்கு முன்னால் வந்து சேர்ந்தவர் சென்பாய். வயதோ திறமையோ கணக்கில்லை, சேர்ந்த வரிசைதான் கணக்கு. ஜப்பானில் நடுநிலைப் பள்ளி மூன்று வருடம், உயர்நிலைப் பள்ளி மூன்று வருடம், கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். அதனால் ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவர்கூட முழு சென்பாய்தான். பள்ளிக் கிளப்பில் இந்த வரிசை வகுப்பறையைவிடக் கறாராக இருக்கும். பள்ளியோடு முடிகிற சொல்லும் இல்லை. 'இவாங்கேலியன்' தொடரில் நெர்வ் அமைப்பில் வேலை பார்க்கும் மாயா, தன் மேல் நிலையில் இருக்கும் விஞ்ஞானி ரிட்சுகோவை "சென்பாய்" என்றுதான் கூப்பிடுவாள்.

இதன் எதிர்ச்சொல் கோஹாய், பின்னால் சேர்ந்தவர். இதில் பலர் தவறுவார்கள். கோஹாய் என்று யாரும் ஒருவரை முகத்துக்கு நேராகக் கூப்பிடுவதில்லை. "இவன் என் கோஹாய்" என்று மூன்றாம் ஆளிடம் சொல்வார்கள். நேரில் கூப்பிடும்போது குடும்பப் பெயரோடு குன் அல்லது ஸான், இல்லாவிட்டால் வெறும் பெயர். ஆகவே ஒரு சப்டைட்டிலில் "வா, கோஹாய்" என்று இருந்தால், அது ஏதோ நையாண்டிக் காட்சியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுதியவர் ஜப்பானியப் பேச்சைக் கேட்காமல் எழுதியிருக்கிறார்.

சென்பாயைத் தனியாகவும் சொல்லலாம், பெயரோடு ஒட்டியும் சொல்லலாம். தனியாக வரும்போதுதான் சப்டைட்டில்காரருக்குத் தலைவலி. ஆங்கிலத்தில் அதற்கு அன்றாடச் சொல் கிடையாது. எனவே மூன்று வழிதான்: அப்படியே விடலாம், பெயரைப் போடலாம், அழைப்பையே நீக்கிவிட்டு மிச்ச வாக்கியத்தை மட்டும் எழுதலாம். நீங்கள் பார்த்தது இரண்டாவது வழி. அது எப்போது உடையும் என்பதற்கு 2021இல் வந்த நகதோரோ தொடரைப் பாருங்கள். நாயகனை நாயகி எப்போதும் "சென்பாய்" என்றே சீண்டுகிறாள். அவன் பெயர் வெகு நேரம் பார்வையாளருக்கே தெரியாது, அது திட்டமிட்டு மறைக்கப்பட்டது. அங்கே பெயரைப் போட வழியில்லை, அழைப்பை நீக்கினால் அவளுடைய பாதி வசனம் காணாமல் போகும். அப்படியே விடுவது மட்டும்தான் மிச்சம்.

ஆங்கிலத்தில் சிலர் சென்பாயில் ன் இருக்கும் இடத்தில் ம் போட்டு எழுதுவதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே சொல்தான். ப-வுக்கு முன்னால் வரும் மூக்கொலி உதடு மூடி ம் ஆகிவிடும், பழைய எழுத்துமுறை அந்த ஒலியை அப்படியே எழுதியது.

சென்செய் என்பது ஆசிரியருக்கு மட்டும் உரியதல்ல. டாக்டர், வக்கீல், அரசியல்வாதி, எழுத்தாளர், மாங்கா வரைபவர் எல்லாரும் சென்செய்தான். படிப்பாலோ தேர்ச்சியாலோ மதிக்கப்படும் தொழிலில் இருப்பவரை மற்றவர்கள் கூப்பிடும் சொல் அது. தன் தொழிலைச் சொல்லும்போது ஆசிரியர் "நான் சென்செய்" என்று சொல்வதில்லை, கியோஷி என்ற வேறு சொல்லைச் சொல்வார். மற்றவர் தரும் மரியாதையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதால். சின்னப் பிள்ளைகளிடம் பேசும் ஆசிரியர் தன்னைச் சென்செய் என்று சொல்லிக்கொள்வது வேறு கணக்கு, நம்மூர் டீச்சர் "டீச்சர் சொல்றதைக் கேளு" என்பாரே, அதே கணக்கு.

சப்டைட்டிலில் சென்செய் எளிதாகத் தீரும், ஏனென்றால் தொழிலைப் பார்த்து மாற்றிவிடலாம். 'மான்ஸ்டர்' தொடரில் தென்மா ஜப்பானியர், ஆனால் கதை ஜெர்மனியில் நடக்கிறது. ஜப்பானியக் குரலில் "தென்மா-சென்செய்" என்று ஒலித்தாலும், கதைக்குள் அவர்கள் பேசுவது ஜெர்மன் என்றுதானே எண்ண வேண்டும். எனவே "டாக்டர் தென்மா" என்பதுதான் பொருத்தம். அங்கே சென்செய் என்று விட்டால் ஜெர்மானிய நோயாளி ஜப்பானியம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். கதை எங்கே நடக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. டோக்கியோ பள்ளிக்கூடம் என்றால் ஒட்டை வைக்கக் காரணம் இருக்கிறது. ஐரோப்பா மாதிரியான கற்பனை நாடு என்றால் பெரும்பாலும் இல்லை. 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரில் லீவாய்க்கு வரும் "ஹெய்ச்சோ" ஆங்கிலத்தில் படைத்துறைப் பதவிப் பெயராக மாறுவது இதனால்தான். பதவியை எப்படி மொழிபெயர்ப்பது என்பதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. கார்ப்பரல் என்று எழுதியவர்களும் உண்டு, கேப்டன் என்று எழுதியவர்களும் உண்டு.

இதற்கு விலக்கு, ஒட்டு பெயரோடு பிரிக்க முடியாமல் சேர்ந்த இடங்கள். 'அசாசினேஷன் கிளாஸ்ரூம்' தொடரின் கொரோ-சென்செய் ஆசிரியர்தான், ஆனால் அந்தப் பெயரே கொல்ல முடியாதவர் என்று பொருள்படும் கொரோசெனாய் என்ற சொல்லை சென்செய்யோடு இணைத்துச் செய்த சிலேடை. அதை "கொரோ சார்" என்று ஆக்கினால் சிலேடை போய்விடும்.

ஒட்டு கதையையே தாங்கும் ஓர் இடத்தை முழுசாகப் பார்ப்போம். 1996 முதல் ஒளிபரப்பாகும் 'டிடெக்டிவ் கோனன்'. உயர்நிலைப் பள்ளி மாணவன் ஷினிச்சி, விஷ மருந்தால் சிறுவனாகச் சுருங்கி, கோனன் என்ற பெயரில் தன் தோழி ரானின் வீட்டிலேயே தங்குகிறான். ஷினிச்சியாக இருந்தபோது அவளை வெறும் "ரான்" என்பான். சின்ன வயதிலிருந்து சேர்ந்து வளர்ந்தவர்கள், அது உரிமை. இப்போது முதல் வகுப்புப் பையன் வேஷம். அதனால் அவளிடம் பேசும்போது "ரான்-நேச்சான்", அதாவது ரான் அக்கா. மனசுக்குள் நினைக்கும்போது மறுபடி "ரான்". அவன் முகமூடி முழுவதும் அந்த ஒட்டில் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் பதறி ஒட்டில்லாமல் கத்திவிட்டான் என்றால், ஜப்பானியப் பார்வையாளருக்கு அந்த நொடியே திக்கென்றிருக்கும்: மாட்டிக்கொள்வானோ?

ஆங்கிலச் சப்டைட்டில் இரண்டு இடத்திலும் "ரான்" என்றே எழுதினால் இந்தத் திகில் போயிற்று. பதறினான், அவ்வளவுதான். சப்டைட்டிலை மட்டும் படிப்பவருக்கு, அவன் ஏன் உடனே வாயைப் பொத்துகிறான் என்பதே புரியாது. தமிழில் இதற்கு ஒரு சிரமமும் இல்லை. சத்தமாகப் பேசும்போது "ரான் அக்கா", நினைக்கும்போது "ரான்", தவறும்போது "ரான்!". தமிழுக்கு இயல்பாகவே இருக்கும் உறவுச்சொல் இது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவன் அக்கா என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை. ஓர் எபிசோடில் தேவையான அளவுக்கு வந்துகொண்டே இருந்தால் போதும், தவறும் இடத்தில் அது இல்லாதது கண்ணில் படும். முதல் பத்து நிமிடமும் அக்காவே வரவில்லை என்றால், தவறிய இடமும் தெரியாது.

எல்லா இடத்திலும் எழுதலாமே என்று தோன்றும். இடமும் நேரமும்தான் தடை. நெட்ஃப்ளிக்ஸ் தன் ஆங்கிலச் சப்டைட்டிலுக்கு வைத்திருக்கும் வழிகாட்டியில் ஒரு வரிக்கு அதிகபட்சம் 42 எழுத்து, திரையில் இரண்டு வரி, பெரியவர்களுக்கான படைப்பில் வினாடிக்கு 20 எழுத்து, ஒரு சப்டைட்டில் குறைந்தது ஒரு வினாடியில் ஆறில் ஐந்து பங்கு நிற்க வேண்டும். அந்தக் குறைந்தபட்ச நேரத்தில் 16 எழுத்துதான் வசதியாகப் படிக்க முடியும். 'பன்னி கேர்ள் சென்பாய்' தொடரின் நாயகி மாய் என்பவளைக் குடும்பப் பெயரோடு கூப்பிட்டால் திரையில் Sakurajima-senpai! என்று வரும், அதுவே 18 எழுத்து. அவசரமாகக் கத்தும் இடத்தில் அளவை மீறிவிடும். ஒட்டை வெட்டினால் Sakurajima! என்று 11. சப்டைட்டில்காரர் பல இடங்களில் சென்பாயைத் தூக்குவதற்குக் கலாசாரக் கொள்கையைவிட இந்தக் கணக்கே காரணம்.

தமிழில் எழுதும்போது இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. "சென்பாய்" கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டு குறிகள், ஏனென்றால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். குறிகளை எண்ணும் மென்பொருளில் ஒழுங்கான தமிழ் வரிகூட "மிக வேகம்" என்று சிவப்பாகக் காட்டும். உங்கள் கருவி எதை எண்ணுகிறது என்பதை இந்த ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொள்ளாமல் வசனத்தை வெட்ட ஆரம்பித்தால் தேவையானதும் சேர்ந்து போகும்.

அடுத்த சேதம் குடும்பப் பெயரில் நடக்கிறது. ஜப்பானியர் பள்ளியில் பெரும்பாலும் குடும்பப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் வகுப்புத் தோழர்களைக் குடும்பப் பெயரால் கூப்பிடுவது விறைப்பாகத் தெரியும் என்று, பல மொழிபெயர்ப்புகள் அதைச் சொந்தப் பெயராக மாற்றிவிடும். 2008இல் வந்த 'டொராடோரா' தொடரில் இது என்ன செய்யும் பாருங்கள். நாயகன் ரியூஜி தகாசு. மினோரி அவனை "தகாசு-குன்" என்கிறாள். டைகாவோ அவனை "ரியூஜி" என்கிறாள், ஒட்டும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. அவனுக்குப் பிடித்தது மினோரியை, ஆனால் அவளோ ஒரு அடி தள்ளியே கூப்பிடுகிறாள். யார் பக்கத்தில் இருக்கிறாள் என்பதை அவனுக்கு முன்னால் பார்வையாளரின் காது கண்டுபிடித்துவிடும். மினோரியின் வாயிலும் "ரியூஜி" என்று எழுதிவிட்டால் இந்த முடிச்சு அவிழ்ந்துபோகும். இன்னொரு தொடரில் நாயகி முதல் தடவை சொந்தப் பெயரைச் சொல்லும் காட்சி வரும்போது, சப்டைட்டில் ஏற்கனவே அந்தப் பெயரைப் பத்து எபிசோடாகச் செலவழித்திருக்கும். அப்புறம் அந்த இடத்தில் "நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய்!" என்று எதிராளி அதிர்ச்சியாகும்போது படிப்பவர் விழிப்பார். இந்த மாதிரி வசனம் அர்த்தமில்லாமல் நின்றால், முன்னால் ஒட்டோ குடும்பப் பெயரோ வெட்டப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

தமிழில் குடும்பப் பெயர் வழக்கமில்லை, இனிஷியல்தான். அதனால் தகாசுவும் ரியூஜியும் ஒரே ஆள் என்று பார்ப்பவருக்கு முதலில் பிடிபடாமல் போகலாம். முதல் எபிசோடில் முழுப் பெயர் சொல்லப்படும் இடம் எப்படியும் ஒன்று இருக்கும், வருகைப் பதிவோ அறிமுகமோ. அந்த வரியில் மட்டும் எதையும் சுருக்கக் கூடாது. அதற்குப் பிறகு யார் எந்தப் பாதியைச் சொல்கிறார்களோ அதையே எழுதலாம்.

பதவியையே பெயராகச் சொல்வதும் உண்டு. 'காகுயா-ஸாமா' தொடரில் காகுயா, தான் விரும்பும் ஷிரோகானேயை "கைச்சோ" என்கிறாள், மாணவர் மன்றத் தலைவர். ஆங்கிலத்தில் பிரசிடென்ட். தமிழில் "தலைவரே" என்று எழுதினால் நன்றாகவே உட்காரும், நம்மூர் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் லேசான கேலியும் அந்தத் தொடருக்கு ஒத்துப்போகும். தொடரின் பெயரில் இருக்கும் ஸாமா மிக உயர்ந்த மரியாதை, ஆங்கிலத்தில் லார்ட், லேடி என்று ஆகிவிடும். தமிழில் "அவர்களே" என்றால் மேடைப் பேச்சாகிவிடுகிறது, வரிக்கு வரி யோசித்துத்தான் எழுத வேண்டும்.

இனி ட்சுன்டெரே. கோபக்காரப் பெண் என்பது பாதி மட்டும். ட்சுன்ட்சுன் என்பது மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது, வெடுக்கென்று பேசுவது. டெரேடெரே என்பது அன்பில் குழைவது. இரண்டும் சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் ஜப்பானிய இணையத்தில், காதல் கதை விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்களிடையே புழங்க ஆரம்பித்த சொல். முதலில் அது கதைப்போக்கைக் குறித்தது: ஆரம்பத்தில் வெறுப்பாக இருந்தவள் போகப்போக இளகுவது. பிறகு ஒரே ஆள் எல்லார் முன்னும் ட்சுன், தனிமையில் டெரே என்று மாறி மாறி வருவதையும் குறிக்கத் தொடங்கியது. 1995 'இவாங்கேலியன்' தொடரின் அசுகாவை இன்று இந்த வகைக்கு முன்னோடி என்கிறார்கள், அப்போது சொல்லே கிடையாது. குரலால் இந்த வகையை நிலைநிறுத்தியவர் ரியே குகிமியா: 'ஷகுகன் நோ ஷானா', 'ஸீரோ நோ ட்சுகாய்மா', 'டொராடோரா' மூன்றிலும் நாயகி அவர்தான்.

டெரே இல்லாமல் ட்சுன் மட்டும் இருந்தால் அது வெறும் சிடுமூஞ்சி. ஆணுக்கும் இது பொருந்தும். மற்ற டெரேக்கள் இதே அச்சில் வார்த்தவை: அன்பு முற்றி மனம் பிறழ்ந்து கத்தி எடுப்பவர் யான்டெரே, எதற்கும் அசையாத முகத்துக்குள் அன்பு வைத்திருப்பவர் கூடெரே, கூச்சத்தால் வாய் திறக்காதவர் டான்டெரே. யான்டெரேக்கு 'மிராய் நிக்கி'யின் யூனோவைப் பார்த்தால் போதும்.

சப்டைட்டிலில் ட்சுன்டெரே என்ற சொல் வருவது அரிது. பாத்திரங்களே அனிமே ரசிகர்களாக இருக்கும் இடத்தில்தான் வரும். 'லக்கி ஸ்டார்' தொடரில் கோனாதா தன் தோழி ககாமியை அப்படிச் சொல்லிச் சீண்டுகிறாள். அங்கே அதை மொழிபெயர்க்காமல் விடுவதே சரி, ஏனென்றால் சொல்பவள் ரசிகர் வட்டாரச் சொல்லைத்தான் சொல்கிறாள். உண்மையான வேலை சொல் வராத இடத்தில் இருக்கிறது. இந்த வகையின் முத்திரை வசனம் இது: "பெட்சுனி, அன்தா நோ தமே ஜா நாய்ன் தகாரா நே!" சாப்பாட்டு டப்பாவை நீட்டிக்கொண்டே சொல்வது. இதில் மூன்று பாகம். பெட்சுனி என்றால் அப்படியொன்றும் இல்லை என்ற மறுப்பு. அன்தா என்பது "நீ"யில் சற்றுக் கரடுமுரடான வகை. கடைசியில் வரும் தகாரா நே, கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு விளக்கம் தருவது. வேஷம் கலைவது அந்தக் கடைசிப் பாகத்தில்தான்.

"இது உனக்காகச் செய்தது அல்ல" என்று எழுதினால் உண்மையாகவே வெறுப்பவள் மாதிரி இருக்கும். "உனக்காகத்தான், ஆனா வெளியே சொல்லாதே" என்ற மாதிரி இளக்கினால் ட்சுன் போச்சு. நான் எழுதினால்: "உனக்காகன்னு ஒண்ணும் செய்யல, மிஞ்சிடுச்சு, அவ்ளோதான்!" பெட்சுனியின் வேலையை "ஒண்ணும்" செய்கிறது, முந்திக்கொள்ளும் விளக்கத்தை "அவ்ளோதான்" செய்கிறது. "மிஞ்சிடுச்சு" மூலத்தில் இல்லாதது. காட்சியில் சாப்பாடு இருப்பதால் துணிகிறேன், வேறு பொருள் என்றால் வேறு சாக்கு வேண்டும். "டா" சேர்க்கச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அது உடனே நெருக்கத்தைக் காட்டிவிடும், அவள் மறைக்கப் பார்ப்பதே அதைத்தான். "பாகா"வுக்கு முட்டாள் என்று எழுதினால் ஜில்லென்று இருக்கும், "லூசு" என்றால் திட்டும் இருக்கும், பாசமும் ஒளிந்திருக்கும்.

தமிழில் சென்பாய்க்கு என்ன எழுதலாம் என்று கேட்டீர்கள். நம் கல்லூரியில் ஜூனியர் சீனியரை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். வாலிபால் டீம் கதை, பையன்கள் மட்டும் என்றால் "அண்ணா" கச்சிதம். காதல் கதையில் அதையே போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நகதோரோ தன் சென்பாயை "அண்ணா" என்றால் தொடர் முதல் எபிசோடிலேயே முடிந்தது. "அவர் என் சீனியர்" என்று மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சீனியர் நன்றாகப் பொருந்தும், நேராகக் கூப்பிட எல்லார் வாயிலும் வராது. ஆகவே காதல் இருக்கும் தொடரில் சென்பாயை அப்படியே விடுவதுதான் பிழைக்கும் வழி. ரசிகர்களுக்கு அந்தச் சொல் எப்படியும் பழக்கம்.

ஆனால் ஒட்டை விட்டாலும் எடுத்தாலும் தமிழிடம் ஆங்கிலத்திடம் இல்லாத ஒன்று இருக்கிறது, வினையிலேயே வரும் மரியாதை. கோஹாய் பேசும்போது வாக்கியம் தெசு, மசு என்று முடியும். "சென்பாய், மோ காயெருன் தெசு கா?" இதற்குத் தமிழில் "அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?" போதும், சென்பாயை எழுத இடமில்லாவிட்டாலும் அவர் மூத்தவர் என்பது தெரிந்துவிட்டது. அதையே சம வயதுத் தோழி "மோ காயெரு நோ?" என்றால் "அதுக்குள்ள கிளம்பிட்டியா?" ஆங்கிலச் சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழாக்குபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது, இரண்டும் ஒரே ஆங்கில வரி. அதனால் எழுத்தை மட்டும் வைத்துத் தமிழ்ப்படுத்தாமல் குரலை ஓடவிட்டு வாக்கிய முடிவைக் கேட்க வேண்டும். தெசு, மசு இருந்தால் பெரும்பாலும் "ங்க", இல்லாவிட்டால் "நீ".

வேலையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஜப்பானிய அழைப்பு, தமிழ் அழைப்பு, நீயா நீங்களா என்ற மூன்றும் இருக்கட்டும். பிறகு தொடர் முழுவதையும் ஒருமுறை ஓட்டி, எந்தக் கட்டம் எந்த எபிசோடில் மாறுகிறது என்று குறியுங்கள். பெரும்பாலான கட்டங்கள் மாறவே மாறாது, அங்கே உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யலாம். மாறும் கட்டங்களில் மட்டும் முதல் எபிசோடிலிருந்தே கறாராக இருங்கள். நிறைய காதல் கதைகளில் இருவரும் சேர்ந்த பிறகும் "சென்பாய்" அப்படியே இருக்கும், தெசு மட்டும் ஒருநாள் நழுவிப்போகும். தமிழில் "நீங்க" அந்த வரியில்தான் "நீ" ஆக வேண்டும். அதற்கு இரண்டு எபிசோடு முன்னால் கைமறதியாக ஒரு "நீ" விழுந்திருக்கிறதா என்பதை முடிக்கும் முன் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் விழுந்திருக்கும்.